நாலு மணிக் கூச்சல்

கேள்வி

"அப்பாவுக்கு வயது 79. 22 வருடமாகச் சர்க்கரை நோய், 5 வருடமாக மறதி நோய். இப்போது 'வா', 'போ', 'வேண்டாம்' மாதிரி சில சொற்கள்தான் வருகின்றன. கலவை இன்சுலின் காலை 18 யூனிட், இரவு 12 யூனிட். காலையில் கிளிமிபிரைடு 2 மி.கி., இரண்டு வேளை மெட்ஃபார்மின், பிரஷருக்கு மெட்டோப்ரோலால். போன வருடம் 64 கிலோ இருந்தார், இப்போது 57. ஒருநாள் நன்றாகச் சாப்பிடுவார், மறுநாள் பாதித் தட்டு மிச்சம். தினமும் 4 முறை சுகர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊசியைப் பார்த்தாலே கையை இறுக்கி மூடிக்கொள்கிறார். நானும் கணவரும் பிடித்து அமுக்கித்தான் குத்துகிறோம். போன வாரம் என் கையைக் கடித்துவிட்டார். வெறும் வயிற்றில் 95 முதல் 120, காலைச் சாப்பாட்டுக்குப் பின் 230 முதல் 260, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 110 முதல் 140, படுக்கும்போது 160 வாக்கில். ஹெச்பிஏ1சி 6.3, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஒருநாள் காலையில் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு 310 காட்டியது. பயந்துபோய் 4 யூனிட் கூடுதலாகப் போட்டேன். மறதி நோய்க்காரர்களுக்குச் சாயங்காலம் வரும் கூச்சல் இவருக்கும் 4 மணிக்கு வரும். அன்று ரொம்ப அதிகம். அப்புறம் அப்படியே தூங்கிவிட்டார். அண்ணன் 'இந்த வயசில் எதுக்கு இந்தச் சித்திரவதை, டெஸ்ட்டையே நிறுத்து' என்கிறார். சிறுநீரில் பார்க்கும் பட்டையோ, குத்தாமல் காட்டும் கைக்கடிகாரமோ போதாதா? கையைப் பிடித்து அமுக்குவது தப்பா?"

பதில்

முதலில் அந்த நாலு மணிக் கூச்சலைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

மறதி நோயில் சாயங்காலக் குழப்பம் என்று ஒன்று உண்டு, உண்மைதான். ஆனால் அப்பாவுக்கு வருவது அதுதான் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். கலவை இன்சுலினில் வேகமாக வேலை செய்யும் பகுதி ஒன்றும் மெதுவாக வேலை செய்யும் பகுதி ஒன்றும் இருக்கும். மெதுவான பகுதி, போட்ட நாலு மணி நேரத்துக்குப் பிறகு உச்சத்துக்கு வரும்; அந்த வேகம் போட்டதிலிருந்து பத்து மணி நேரம் வரை நீடிக்கலாம். காலை எட்டு மணி வாக்கில் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், மதியத்திலிருந்து மாலை ஆறு மணி வரை மருந்தின் பிடி இறுக்கமாக இருக்கும். கூடவே கிளிமிபிரைடு. அது சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைக்கும் மாத்திரை. மதியம் பாதித் தட்டு மிச்சம் வைத்த நாளில் இந்த இரண்டும் சேர்ந்தால் நாலு மணிக்குச் சுகர் எங்கே இருக்கும்? நீங்கள் பார்க்கும் நாலு நேரத்தில் அந்த நேரம் இல்லை.

"நாலு மணிக்குக் குறைந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் 130 எப்படி வரும்?" என்று கேட்கலாம். இடையில் ஏதாவது தின்னக் கொடுத்திருப்பீர்கள். குறைந்த சுகரைத் தூக்கிவிட ஈரலும் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சம் விட்டிருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகு எடுத்த படத்தில் பள்ளம் தெரியாது.

இன்னொரு தடயம் உங்கள் எண்களுக்குள்ளேயே இருக்கிறது. ஹெச்பிஏ1சி 6.3 என்றால் மூன்று மாதச் சராசரி சுமார் 134 என்று கணக்கு. (இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம்.) நீங்கள் எழுதிய நாலு நேர அளவுகளைச் சராசரி எடுத்தால் 160 பக்கம் வருகிறது. அப்படியானால் நீங்கள் பார்க்காத நேரங்களில் சுகர் இதைவிடத் தாழ்வாக இருந்தால்தான் கணக்கு நேராகும். இது கறாரான நிரூபணம் இல்லை. சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் கொஞ்ச நேரமே நிற்கும்; இரத்தசோகையும் சிறுநீரகக் கோளாறும் ஹெச்பிஏ1சியைப் பிசகச் செய்யும். ஆனாலும் கூச்சல், பாதித் தட்டு, ஏழு கிலோ எடை இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அப்பா அடிக்கடி லோ சுகருக்குப் போகிறார் என்றே நான் சந்தேகப்படுவேன். 64 கிலோ இருந்தபோது எழுதிய அளவையே 57 கிலோவுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். வயதோடு சிறுநீரகம் மந்தமாகியிருந்தால் இன்சுலினும் அந்த மாத்திரையும் உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும்.

ஆகவே அந்த 6.3 பெருமைப்படும் எண் அல்ல, என்னைப் பயமுறுத்தும் எண். உங்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது வயதுக்காரருக்கு அது நல்ல மார்க். மறதி நோய் முற்றிய முதியவருக்கு ஹெச்பிஏ1சியைப் பிடித்துத் தொங்க வேண்டாம், லோ சுகரும் அளவுக்கு மீறிய ஏற்றமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். இவரைப் போன்றவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 100 முதல் 180, படுக்கும்போது 110 முதல் 200 என்று அது சொல்கிறது. வெறும் வயிற்றில் 95 என்பது இவருக்குக் குறைவு. காலைச் சாப்பாட்டுக்குப் பின் வரும் அந்த 240 வாக்கிலான அளவு, அவர் தெம்பாக இருக்கும்வரை, துரத்திப் பிடிக்க வேண்டிய எண் இல்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரவுப் பணியில், மறதி நோய் உள்ள ஒரு பெரியவர் கட்டிலை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தார். அமைதிப்படுத்தும் ஊசிக்கு எழுதிக் கொடுத்தேன். மருந்தை எடுக்கப் போன செவிலியர் பாதி வழியில் திரும்பி, "டாக்டர், சுகர் பார்த்தாச்சா?" என்றார். பார்த்தோம், 43. அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவர் "அமைதியாகி" விடிய விடிய அப்படியே கிடந்திருப்பார். கத்தியது நின்றுவிட்டதென்று நானும் போய்ப் படுத்திருப்பேன். உங்கள் அப்பா "அப்படியே தூங்கிவிட்டார்" என்ற வரியைப் படித்ததும் அந்த இரவுதான் ஞாபகம் வந்தது.

அவர் சொல்லாததை எங்கே பார்ப்பது

லோ சுகர் வந்தால் மற்றவர்கள் "படபடப்பா இருக்கு, பசிக்குது" என்பார்கள். அப்பாவால் சொல்ல முடியாது. அதோடு மெட்டோப்ரோலால் வகை மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கி மறைத்துவிடும். ஆனால் வேர்வையை அது மறைப்பதில்லை. அதனால் கை நடுங்குகிறதா என்று பார்ப்பதைவிடப் பிடரியையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். மற்றவர்களுக்குப் புழுக்கமில்லாத நேரத்தில் சட்டை ஈரமாக இருந்தால் அதுவே மணி அடித்த மாதிரி. காலையில் தலையணை உறை நனைந்திருந்தால் இரவில் குறைந்திருக்கலாம். இரவு இன்சுலினுக்கும் அதே உச்ச நேரம் உண்டு. அது விடியற்காலை இரண்டு, மூன்று மணியில் வந்து விழும்.

மற்றபடி பொதுப் பட்டியலைவிட அவருடைய வழக்கத்திலிருந்து எது மாறுகிறது என்பதுதான் பேசும். வழக்கமாக உங்கள் முகத்தைப் பார்ப்பவர் வெறித்துப் பார்க்கிறாரா? வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் அப்படியே வைத்திருக்கிறாரா? எழுந்து நிற்கும்போது ஒரு பக்கம் சாய்கிறாரா? காரணமில்லாமல் திட்டுகிறாரா, இல்லை வழக்கத்துக்கு மாறாகச் சாதுவாகிவிட்டாரா? ஒரு நோட்டில் நேரம், என்ன பார்த்தீர்கள், அந்த வேளை எவ்வளவு சாப்பிட்டார், சுகர் எவ்வளவு என்று நாலு பத்தி போடுங்கள். இரண்டு வாரத்தில் அவருக்கென்று இருக்கும் அடையாளம் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

இப்போது நீங்கள் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே விதி: சந்தேகம் வந்து, குத்த விடமாட்டேன் என்கிறார் என்றால், குத்தும் சண்டையில் நேரத்தைக் கழிக்காதீர்கள். லோ என்றே வைத்துக்கொண்டு இனிப்பைக் கொடுங்கள். உண்மையில் குறைந்திருக்கவில்லை என்றால் சுகர் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். குறைந்திருந்து நாம் கொடுக்காமல் விட்டால் விழுவார், வலிப்பு வரலாம், மூளைக்கும் இதயத்துக்கும் கெடுதல்.

கொடுக்க வேண்டியது சுமார் 15 கிராம் வேகமான சர்க்கரை. குளுக்கோஸ் பொடி என்றால் மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். இல்லையென்றால் 150 மில்லி பழச்சாறு. நிமிர்ந்து உட்கார வைத்து, சிறுசிறு மிடறாக. தண்ணீர் குடித்தாலே புரையேறுபவர் என்றால் குளுக்கோஸ் ஜெல்லை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தெளிவு வரவில்லை, அல்லது இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு வயிற்றில் நிற்கும்படி ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பவும் இறங்கும். கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு ஒரு நாள் முழுக்கவே திரும்பத் திரும்ப இறங்கலாம். அதனால் 54-க்குக் கீழே போனாலோ, இரண்டாவது முறை இறங்கினாலோ, தேறிவிட்டாரே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரியில் கண்காணிப்பில் வைப்பதே சரி.

கண்ணைத் திறக்கவில்லை, விழுங்கவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சர்க்கரையும் தடவாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடும் வீட்டில், இறங்கிய சுகரைத் தூக்கிவிடும் குளுகாகான் ஊசியோ மூக்கில் அடிக்கும் குளுகாகானோ இருக்க வேண்டும். அதற்குச் சீட்டு வாங்கி, யார் போடுவது என்று பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறை இனிப்புக் கொடுத்தும் மாற்றமில்லை, சுகரும் சரியாகத்தான் இருக்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், எங்கேயோ வலி, காய்ச்சல், சில சமயம் பக்கவாதம். எல்லாக் கூச்சலையும் சுகர் தலையில் கட்டுவதும் தப்புதான்.

மாற வேண்டியது மருந்து

விரலைக் குத்துவது எதற்கு? அந்த எண்ணை வைத்து ஏதாவது முடிவெடுக்கத்தான். எந்த முடிவுக்கும் போகாத எண்ணுக்காக ஒருவரைப் பிடித்து அமுக்குவதில் அர்த்தமில்லை. உங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சோதனை அப்படிப்பட்டது. 240 என்று தெரிந்த பிறகு நீங்கள் செய்வதற்கு எதுவுமில்லை. அதை நாளையிலிருந்தே நிறுத்திவிடுங்கள். அந்த ஒரு ஸ்ட்ரிப்பை மாலை நாலு மணிக்கு மாற்றுங்கள். இன்சுலின் போடுவதற்கு முந்தைய இரண்டும், படுக்கைக்கு முந்தையதும், மருந்து மாறும்வரை இருக்கட்டும்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல், இந்த வாரமே மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எடை ஏழு கிலோ குறைந்ததையும், மாலைக் கூச்சலையும், அன்றைய தூக்கத்தையும் அந்த வரிசையிலேயே சொல்லுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. கிளிமிபிரைடு இனியும் தேவையா? இரண்டு வேளைக் கலவை இன்சுலினுக்குப் பதிலாக, நாள் முழுக்கச் சீராக வேலை செய்யும் இன்சுலினைக் காலையில் ஒரே வேளை போட்டால் போதுமா? சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இரத்தப் பரிசோதனை செய்யலாமா? மெட்ஃபார்மின் அளவும் அந்த முடிவைப் பொறுத்ததுதான். நீங்களாக இன்சுலினை நிறுத்திவிட வேண்டாம். ஆனால் கூடுதல் யூனிட்டுகளையும் நீங்களாகப் போட வேண்டாம்.

இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்குங்கள்: முழுத் தட்டுச் சாப்பிட்டால் எத்தனை யூனிட், பாதித் தட்டு என்றால் எத்தனை, சாப்பிடவே இல்லையென்றால் என்ன, எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் போடாமல் போன் செய்ய வேண்டும், குத்தவே விடாத வேளையில் என்ன. கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியிருப்பதுதான் இங்கே தலைவலி. போட்டுவிட்டு அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்றால் மாட்டிக்கொள்வோம். அதனால் சில மருத்துவர்கள், சாப்பிட்டு முடித்தவுடன் போடக்கூடிய வேக இன்சுலினுக்கு மாற்றுவதும் உண்டு.

மருந்து எளிதானால் குத்துவதும் தானாகக் குறையும். காலையில் ஒரு வேளை மட்டும் இன்சுலின், கிளிமிபிரைடு இல்லை என்றால், ஆரம்பத்தில் தினம் ஒருமுறை வெறும் வயிற்றில். அளவு நிலைத்துவிட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும் என்று மருத்துவரே சொல்லக்கூடும். இன்சுலினே தேவைப்படாமல் மெட்ஃபார்மினோ கிளிப்டின் வகை மாத்திரையோ மட்டும் போதும் என்று வந்துவிட்டால், அவை தனியாக லோ சுகரை உண்டாக்குவது அபூர்வம். உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் பார்த்தால் போதும். (டைப் 1 உள்ளவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களுக்கு அடிப்படை இன்சுலினை ஒருநாளும் நிறுத்தக்கூடாது.)

ஏற்றத்தை அடியோடு மறந்துவிடச் சொல்லவில்லை. 300-க்கு மேலேயே நின்று, நாக்கு வறண்டு, வழக்கத்தைவிட அதிகம் சிறுநீர் போய், மந்தமாகவும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. புதிதாகப் படுக்கை நனைய ஆரம்பித்தால் அதை மறதி நோய் முற்றுகிறது என்று எடுத்துக்கொள்வதற்கு முன் சுகரைப் பாருங்கள்.

குத்தியே ஆக வேண்டிய வேளையில்

அந்த 310-க்கு வருவோம். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் மீட்டர் இரத்தத்தோடு அதையும் சேர்த்தே அளக்கும். இன்றைய ஸ்ட்ரிப்புகளுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தம்கூட வேண்டாம். அவ்வளவு சின்னத் துளியில், கண்ணுக்குத் தெரியாத பிசுபிசுப்பும் நூறு இருநூறு கூட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் லேசாகத் துடைத்தாலும் அது முழுக்கப் போவதில்லை. வெறும் வயிற்றில் வழக்கமாக 120-க்குள் இருப்பவருக்குக் காலையில் திடீரென்று 310 என்றால், கை கழுவி, துடைத்து, வேறு விரலில் இன்னொரு முறை. கழுவவே முடியாத நிலை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

கழுவுவதையே முழு வேலைக்கும் வாசலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துவாலை. எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் வைத்து மெல்லத் தேய்த்துவிடுங்கள். சூட்டில் இரத்தம் விரலுக்கு வரும், இறுகிய முஷ்டியும் தளரும். கடைசி விநாடியில் மீட்டரைத் தேடக் கூடாது. ஸ்ட்ரிப்பைச் செருகி, லான்செட்டை ஏற்றி, துவாலைக்கு அடியில் தயாராக வைத்த பிறகுதான் அவரிடம் போக வேண்டும். லான்செட்டை ஏற்றும் 'டக்' சத்தத்துக்கே அப்பா கையை மூடுகிறார் என்று நினைக்கிறேன். அதை அடுத்த அறையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பாதுகாப்பு லான்செட் இருந்தால் ஏற்றும் வேலையே இல்லை. கை உதறும்போது ஊசி உங்கள் மேல் படும் பயமும் குறைவு. வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருந்தாலும் ஒரே குத்துக் கருவியைப் பகிராதீர்கள். இரத்தம் வழியாகத் தொற்றுப் பரவும்.

விரல் நுனியின் நடுச்சதையில் குத்தாதீர்கள், வலி அங்கேதான். மோதிர விரல் அல்லது நடுவிரலின் பக்கவாட்டில், கருவியின் ஆழத்தைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். கை தொங்கலாக, நெஞ்சு மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். துளி வரவில்லையென்று விரலைப் பிதுக்கிக்கொண்டே இருந்தால் திசுநீர் கலந்து எண் பிசகும். உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி ஒருமுறை நீவினால் போதும். இன்னொரு கையில் அவர் விரும்பிப் பிடித்துக்கொள்ளும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். பேசுவது ஒருவர் மட்டும். "வலிக்காதுப்பா" என்று பொய் சொல்வதைவிட "கை கழுவலாம்ப்பா" என்று சொல்லி, முடிந்ததும் துவாலையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது மேல்.

விரலைத் தரவே மாட்டேன் என்பவர்களுக்குக் கட்டைவிரலின் அடிச்சதையில் குத்தலாம், உங்கள் மீட்டரின் கையேட்டில் அனுமதி இருந்தால். முன்கையில் எடுக்கும் அளவு, சுகர் வேகமாக மாறும் நேரத்தில் பின்தங்கும். லோ என்று சந்தேகிக்கும் வேளையில் விரலைத் தவிர வேறு இடம் வேண்டாம்.

மறுத்தால் விட்டுவிட்டுப் போய்விடுங்கள். கால் மணி கழித்து, முடிந்தால் வேறு ஆளாக, திரும்ப வாருங்கள். மறதி நோயில் ஒரே ஒரு அனுகூலம், பத்து நிமிடத்துக்கு முந்தைய சண்டை பெரும்பாலும் நினைவில் நிற்காது. ஆனால் பயம் நிற்கும். யார் வந்து பிடித்தார்கள் என்பது மறந்தாலும், அந்த நாற்காலியையும் அந்தக் கருவியையும் பார்த்ததும் உடம்பு விறைக்கும். அவர் கடித்தது பிடிவாதத்தில் இல்லை. இரண்டு பேர் தன்னை அமுக்கி ஊசி குத்துகிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

அதனால், அமுக்கிப் பிடிப்பது தப்பா என்ற கேள்விக்கு என் பதில்: கை உதறாமல் இருக்க மணிக்கட்டுக்கு அடியில் உங்கள் உள்ளங்கையைத் தாங்கலாகக் கொடுப்பது வேறு, இரண்டு பேர் சேர்ந்து அழுத்துவது வேறு. தினசரிச் சோதனைக்கு இரண்டாவது வேண்டாம். முதியவரின் தோல் எளிதில் கன்றிப்போகும், எலும்பும் தாங்காது. தினமும் அமுக்கித்தான் பார்க்க முடியும் என்றால், சோதனைத் திட்டத்தை மாற்றச் சொல்லி மருத்துவரைக் கேட்க அதுவே போதுமான காரணம்.

சென்சார், சிறுநீர்ப் பட்டை, கைக்கடிகாரம்

சென்சாரை நீங்கள் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். மேல்கையின் பின்புறம் ஒட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைப் போனுக்கு அனுப்பும் கருவி. பல வகைகள் 10 முதல் 15 நாள் ஓடும். வருடம் முழுக்க வேண்டாம். ஒரே ஒரு சென்சார் காலம் ஓடினாலே மாலை நாலு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மருந்தைக் குறைக்க மருத்துவருக்கும் அது கையில் ஆதாரம். அதில் முதலில் பார்க்க வேண்டியது, 70-க்குக் கீழே எவ்வளவு நேரம் என்பது. இவரைப் போன்றவர்களுக்கு அது ஒரு சதவீதத்துக்குள், அதாவது நாளில் கால் மணி நேரத்துக்குள், இருக்க வேண்டும்.

பிய்த்துப் போட்டுவிடுவாரே என்பீர்கள். சிலர் செய்வார்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றால் வலது மேல்கையில் ஒட்டுங்கள். இடக்கை அங்கே போய்த் தோண்டுவது கொஞ்சம் கஷ்டம். முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். அலாரம் உங்கள் போனில் மட்டும், அவர் காதில் விழாத இடத்தில். அந்தப் பக்கமாகப் படுத்து அழுத்தினால் சென்சார் பொய்யாக லோ காட்டும். திருப்பிப் படுக்க வைத்தால் சில நிமிடத்தில் ஏறிவிடும். முதல் நாள் எண்களை முழுக்க நம்ப வேண்டாம். சென்சார் பார்ப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் இருக்கும் நீரை. அதனால் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பின்தங்கும். இனிப்புக் கொடுத்துச் சுகர் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் அது இறங்கியே காட்டும்; அதைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஆளுக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லையென்றால் விரல்தான் தீர்ப்பு.

சிறுநீர்ப் பட்டை உங்களுக்கு உதவாது. இரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும், முதியவர்களுக்கு அந்த வரம்பு இன்னும் மேலே இருக்கலாம். 50 இருந்தாலும் 150 இருந்தாலும் பட்டை ஒரே நிறம்தான் காட்டும். நமக்குத் தெரிய வேண்டியது அந்த 50.

குத்தாமலே சுகர் காட்டும் கடிகாரம், மோதிரம் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்றது. சென்சாரிலிருந்து வரும் எண்ணைக் காட்டும் கடிகாரம் வேறு, அதில் தவறில்லை. தானே அளப்பதாகச் சொல்லும் கடிகாரத்தை நம்பி இன்சுலின் போடாதீர்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. குத்துவது குறைய வேண்டும். ஆனால் அதற்கு முன் மருந்து குறைய வேண்டும். இன்றைய இன்சுலினையும் கிளிமிபிரைடையும் அப்படியே வைத்துக்கொண்டு சோதனையை மட்டும் நிறுத்தினால், பிரேக் இல்லாமல் வண்டி ஓட்டுவது மாதிரி. சென்சார் ஒட்டிய முதல் நாலைந்து இரவுகளுக்கு அலாரம் போனை அண்ணனிடம் கொடுங்கள். இரவு மூன்று மணிக்கு அது அடித்தால் எழுந்து போய் அப்பாவின் முதுகைத் தொட்டுப் பார்க்கட்டும். குளுக்கோஸ் பொடி கலக்கும் டம்ளர் எங்கே இருக்கிறது என்பதையும் அவருக்குக் காட்டி வையுங்கள்.